ரிசல்ட் வேறு, லைசென்ஸ் வேறு: ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

மறுபடியும் அதே கதையோடு ஒருவர் வந்துவிட்டுப் போனார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேலை ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து, எது சரி, எதை மாற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்வது என் தொழில். ஆனால் கையெழுத்துப் போடும் முன் வருகிறவர்கள் குறைவு. வேலை கைநழுவிய பிறகுதான் பலரும் வருகிறார்கள். அப்போது என்னால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

வந்தவர் ஒரு இளம் பார்மசிஸ்ட். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றித்தான் சொல்கிறேன். மே மாதம் லைசென்ஸ் தேர்வு எழுதியிருக்கிறார். ரிசல்ட் வருமுன்பே ஒரு மருத்துவமனையில் நேர்காணல் முடிந்து, ஜூன் 3ஆம் தேதி ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஜாயினிங் தேதி ஜூலை 15. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இந்த நியமனம், பணியில் சேரும் நாளுக்குள் உரிய உரிமம் பெறுவதற்கு உட்பட்டது." அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஜூன் 10 அன்று, அப்போது செய்துகொண்டிருந்த வேலையை ராஜினாமா செய்தார். ஒரு மாத நோட்டீஸ். ஜூலை 10 கடைசி நாள்.

ஜூலை 4 அன்று ரிசல்ட் வந்தது. பாஸ். இனி என்ன தடை என்று நிம்மதியாகிவிட்டார். மறுநாள் கவுன்சிலில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், கல்லூரியிலிருந்து அசல் சான்றிதழ் வர வேண்டும், காவல்துறைச் சரிபார்ப்பு முடிய வேண்டும், எல்லாம் சேர்ந்து நான்கைந்து வாரம் ஆகும் என்று தெரிந்தது. உடனே எச்.ஆரில் இருந்தவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். "கவலையே படாதீங்கம்மா, பாஸ் ஆயிட்டீங்கல்ல, அது போதும். லைசென்ஸ் வந்ததும் குடுங்க" என்று பதில் வந்தது.

ஜூலை 14 அன்று அதே மருத்துவமனையின் வேறொரு அலுவலரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "நாளை சேருவதற்கு உங்கள் உரிம எண்ணை இன்றைக்குள் அனுப்பவும்." இவரிடம் எண் இல்லை. போனில் பேசியவர் அதற்குள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். ஜூலை 16 அன்று, நிபந்தனை நிறைவேறாததால் ஆஃபர் காலாவதியாகிவிட்டதாக இரண்டு வரியில் ஒரு கடிதம். லைசென்ஸ் வந்தது ஆகஸ்ட் 9. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பழைய வேலையும் போயிற்று, புது வேலையும் போயிற்று.

என்னிடம் வந்தபோது, தன் கைப்பேசியில் இருந்த அழைப்புப் பட்டியலைத்தான் ஆதாரமாகக் காட்டினார். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஏழு நிமிடம் பேசியதும் பதிவாகியிருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

இந்த இடத்தில் பலரும் சொல்வது ஒன்று உண்டு. என்னை அதிகம் வாட்டுவதும் அதுதான். "போன்ல சொல்லிட்டாங்க சார், அப்புறம் எதுக்கு எழுத்துல?" என்பார்கள். கொஞ்சம் சட்டம் படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், பல நாட்டுச் சட்டங்களிலும் வாய்மொழி ஒப்பந்தம் செல்லும். ஆனால் அது உங்களைக் காப்பாற்ற மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, அப்படிச் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சொன்னவரே "பொதுவாகத்தான் ஆறுதல் சொன்னேன், தேதியை மாற்றுவதாகச் சொல்லவில்லை" என்றால் அதோடு முடிந்தது. அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் மனதில் அது ஆறுதல். உங்கள் மனதில் அது வாக்குறுதி.

இரண்டாவது, அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி. ஆட்களைத் தேடிப் பிடித்து நேர்காணலுக்கு அழைத்து வருகிறவர் வேறு, நியமன நிபந்தனையை மாற்றும் அதிகாரம் உள்ளவர் வேறு. ஏஜென்சி வழியாக வந்த வேலை என்றால் கேட்கவே வேண்டாம். ஏஜென்சியில் பேசுகிறவர் நிறுவனத்தின் ஊழியரே இல்லை. அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "இக்கடிதமே இரு தரப்புக்கும் இடையிலான முழு ஒப்பந்தம். இதற்கு முன் பேசியவை, எழுதியவை எதுவும் இதைக் கட்டுப்படுத்தாது" என்ற பொருளில் ஒரு பத்தி இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்திலேயே, "எழுத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அன்றி எந்த மாற்றமும் செல்லாது" என்று இன்னொன்று இருக்கும். முதல் பத்தி கையெழுத்துக்கு முன் கொடுத்த வாக்குறுதிகளை அடித்துவிடுகிறது. இரண்டாவது பத்தி கையெழுத்துக்குப் பின் போனில் கொடுக்கும் வாக்குறுதிகளை அடித்துவிடுகிறது. உள்ளூர்ச் சட்டத்தில் இதற்கு விலக்குகள் இருக்கலாம், வாதாட இடமும் இருக்கலாம். ஆனால் கையில் வேலை இல்லாமல் மாதக்கணக்கில் வாதாட உங்களால் முடியுமா?

முழு ஒப்பந்தப் பத்தியால் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலர் கவனமாக முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, எச்.ஆரிடம் "சரி" என்று பதிலும் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற கடிதத்தில் அந்த விஷயமே இருக்காது. அதில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கையில் மின்னஞ்சல் இருக்கிறதே என்ற தைரியம். ஆனால் அந்த மின்னஞ்சல் "இதற்கு முன் எழுதியவை" என்ற கணக்கில் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே ஒப்புக்கொண்டது கடிதத்துக்குள்ளேயே வர வேண்டும். அல்லது கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதன் இன்னின்ன பத்தி இப்படித் திருத்தப்படுகிறது என்று பின்னிணைப்பாக வர வேண்டும்.

சரி, அந்த ஒற்றை வரிக்குத் திரும்புவோம். "உரிய உரிமம் பெறுவதற்கு உட்பட்டது." படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் தேர்வு எழுதியதிலிருந்து சட்டப்படி வேலை செய்யத் தகுதி பெறும் வரை எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ரிசல்ட் இணையத்தில் வரும். மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும். பட்டமோ சான்றிதழோ தயாராகும். லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பீர்கள். விண்ணப்பம் ஏற்கப்படும். கடைசியில் பதிவேட்டில் உங்கள் பெயரும் எண்ணும் ஏறும். தேர்வு எழுதியவர் மனதில் முதல் படிதான் முடிவு, ஏனென்றால் கஷ்டப்பட்டது அதற்குத்தான். வேலை கொடுக்கிறவருக்குக் கடைசிப் படிதான் முடிவு. பதிவேட்டில் எண் இல்லாதவரை மருந்து கொடுக்கும் இடத்தில் நிறுத்தினால் சிக்கல் நிறுவனத்துக்குத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாரங்களில்தான் வேலை பறிபோகிறது.

எனவே நிபந்தனை இருக்கிற ஆஃபர் வந்தால், இந்தப் படிகளில் எது முடிந்தால் போதும் என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். இணையத்தில் வந்த ரிசல்ட்டின் பிரதி போதுமா, அசல் சான்றிதழ் வேண்டுமா, பதிவு எண்ணே வேண்டுமா? தற்காலிகப் பதிவு தரும் வழக்கம் உங்கள் துறையில் இருந்தால், அதை ஏற்பார்களா? "திருப்திகரமான தேர்ச்சி" என்று எழுதியிருந்தால், அது வெறும் பாஸா, குறிப்பிட்ட மதிப்பெண்ணா, முதல் முயற்சியிலேயே பாஸ் ஆக வேண்டுமா? "திருப்திகரமான" என்ற சொல் கடிதத்தில் இருக்கிறவரை, யாருடைய திருப்தி என்ற கேள்விக்கு நிறுவனம்தான் பதில் சொல்லும்.

அடுத்தது தேதி. எந்த நாளுக்குள் என்பதோடு, எந்த நாளை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதும் தெரிய வேண்டும். லைசென்ஸில் அச்சான தேதியா, அதன் பிரதி எச்.ஆருக்குப் போய்ச் சேர்ந்த தேதியா? கேட்கும் முன், உங்கள் கவுன்சிலோ தேர்வு வாரியமோ வழக்கமாக எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறது என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். போன முறை தேர்ச்சி பெற்ற சீனியர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த பார்மசிஸ்ட் ஜூன் 3 அன்றே இதை விசாரித்திருந்தால், ஜூலை 15 நடக்காத காரியம் என்பது அன்றே தெரிந்திருக்கும். அன்றைக்குத் தேதியைத் தள்ளிக் கேட்பது எளிது, நிறுவனமும் ஆளை எதிர்பார்த்துக் காத்திருந்த நேரம் அது. ஜூலை 14 அன்று கேட்பது கெஞ்சுவதாகிவிடும்.

அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, தாமதம் உங்கள் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பது. ரிசல்ட் தள்ளிப்போகலாம், மறுமதிப்பீடு வரலாம், கவுன்சிலில் கோப்பு தேங்கலாம். "விண்ணப்பதாரர் உரிய காலத்தில் விண்ணப்பித்து, தாமதம் உரிமம் வழங்கும் அமைப்பால் ஏற்பட்டால், கெடு இத்தனை நாள் நீட்டிக்கப்படும்" என்று ஒரு வாக்கியம் இருந்தால் போதும். சில துறைகளில் இன்னொரு முடிச்சும் விழும். லைசென்ஸ் கொடுக்க, வேலை கொடுக்கிறவரின் கடிதம் வேண்டும் என்று கவுன்சில் சொல்லும். லைசென்ஸ் வந்தால்தான் நியமனக் கடிதம் என்று நிறுவனம் சொல்லும். உங்கள் துறையில் அப்படி நடைமுறை இருந்தால், அந்தக் கடிதத்தை எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் தாமதித்ததற்கு உங்கள் கெடு பலியாகக் கூடாது.

நிபந்தனை நிறைவேறாவிட்டால் என்ன என்பதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். தோல்வியைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்பதுபோல் ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். இரண்டாம் முறை எழுத வாய்ப்பு உண்டா? அதுவரை வேறு பதவியில் வைத்துக்கொள்வார்களா? வைத்துக்கொண்டால் சம்பளம் எவ்வளவு? சேரும்போது கொடுத்த போனஸையும் இடம்மாறும் செலவையும் திருப்பிக் கேட்பார்களா?

இங்கே ஒப்பந்தத்தின் வாக்கிய அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். "உரிமம் பெற்ற பிறகே இந்த நியமனம் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால் அது முன்நிபந்தனை. அது நிறைவேறாதவரை உங்களுக்கு வேலையே தொடங்கவில்லை. அதனால் நோட்டீஸ், நோட்டீஸ் சம்பளம் என்றெல்லாம் கேட்க பெரும்பாலும் வழியில்லை. "சேர்ந்து 90 நாளுக்குள் உரிமம் பெறாவிட்டால் நியமனம் முடிவுக்கு வரும்" என்று இருந்தால் அது பின்நிபந்தனை. இங்கே நீங்கள் ஏற்கெனவே ஊழியர். வேலையை விட்டு அனுப்புவதற்கு உங்கள் ஒப்பந்தமும் அந்த இடத்துச் சட்டமும் சொல்லும் முறைகள் பொருந்த வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ராஜினாமா செய்துவிட்டு வருகிறவருக்கு இரண்டாவது எவ்வளவோ மேல். கேட்டால் மாற்றித் தருகிற நிறுவனங்களும் உண்டு.

பின்நிபந்தனையோடு சேர்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் வரும் முன், லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்யாதீர்கள். "ஆள் பற்றாக்குறை, நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே, பாத்துக்குங்க" என்று மேலாளர் சொல்லலாம். பதிவில்லாமல் அந்த வேலையைச் செய்வது பல துறைகளில் குற்றம். வரப்போகிற லைசென்ஸுக்கே அது ஆபத்தாக முடியலாம். தொழில்முறைக் காப்பீடு இருந்தாலும், பதிவு இல்லாத நாட்களில் நடந்ததற்கு அது கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. இடைக்காலத்தில் எந்தப் பெயரில், யாருடைய மேற்பார்வையில், எந்தெந்த வேலையைச் செய்வீர்கள் என்பதும் அதே எழுத்தில் இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீளமாக எழுத வேண்டாம், சட்டச் சொற்களும் வேண்டாம். அந்த பார்மசிஸ்ட் ஜூன் 3 அன்று இப்படி எழுதியிருக்கலாம்:

"ஜூன் 3 தேதியிட்ட நியமனக் கடிதம் கிடைத்தது, நன்றி. கையெழுத்திடும் முன், உரிமம் பற்றிய பத்தியை உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். என் தேர்வு முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். அதன்பின் பதிவு எண் வர சுமார் ஐந்து வாரம் ஆகும் என்று அறிகிறேன். ஆகவே ஜூலை 15க்குள் தேர்ச்சிக்கான சான்றையும், விண்ணப்பித்ததற்கான ரசீதையும் கொடுத்தால் பணியில் சேரலாம் என்றும், பதிவு எண்ணை ஆகஸ்ட் 31க்குள் கொடுத்தால் போதும் என்றும், கவுன்சிலின் தாமதத்துக்கு இக்கெடு மேலும் 30 நாள் நீளும் என்றும், அதுவரை பதிவு தேவைப்படாத பணிகளை மட்டும் செய்வேன் என்றும் கடிதத்தில் திருத்தித் தர முடியுமா? இயலாது எனில், ஜாயினிங் தேதியை செப்டம்பர் 1க்கு மாற்ற முடியுமா?"

அவ்வளவுதான். இதில் கடைசி வாக்கியம் முக்கியம். மருத்துவமனைக்கு ஜூலையிலேயே லைசென்ஸ் உள்ள ஆள்தான் வேண்டும் என்றால், அவர்கள் மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. மாற்று வழி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், "முடியாது" என்பதோடு பேச்சு நின்றுவிடாது. இரண்டுக்கும் முடியாது என்று பதில் வந்தாலும் அது நல்ல பதில்தான். கையில் இருக்கிற வேலையை விடக் கூடாது என்பது அன்றே தெரிந்துவிடும் அல்லவா?

"பதில் வராவிட்டால் நீங்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சிலர் முடிக்கிறார்கள். அப்படி எழுதி அதை நம்பி உட்காராதீர்கள். 1862இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒருவர் தன் உறவுக்கார இளைஞனின் குதிரையை விலை பேசி, "மறுபடி எதுவும் சொல்லாவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்" என்று கடிதம் எழுதினார். அந்த இளைஞன் பதில் எழுதவில்லை. பிறகு ஏலக்காரர் அந்தக் குதிரையைத் தவறுதலாக விற்றுவிட, வழக்கு நீதிமன்றம் போயிற்று. பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் தொடக்கத்திலேயே படிக்கிற வழக்கு இது. பதில் வராத மின்னஞ்சல், நீங்கள் கேட்டதற்குச் சாட்சி. அவர்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி ஆகாது. இரண்டு நாள் பாருங்கள், மறுபடி எழுதுங்கள், பிறகு போனில் கூப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேட்டால் சந்தேகப்படுகிறவன் என்று நினைப்பார்களோ, ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த பயம் அதிகம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஊழியர் கோப்பில் லைசென்ஸ் பிரதி இருக்கிறதா என்று தணிக்கையில் கேட்கப்போவது அவரைத்தான். பதிவு எண் எந்தத் தேதிக்கு வரும் என்பது அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம். பணிவாக, தேதிகளோடு கேட்ட ஒரே காரணத்துக்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றதை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. கேட்காததால் போனதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ராஜினாமா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். திருத்திய கடிதம் கைக்கு வந்து, அதில் நீங்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ராஜினாமா. முன்நிபந்தனை அப்படியே இருந்து, அதை மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டால், நிபந்தனை நிறைவேறிய பிறகுதான் ராஜினாமா. நோட்டீஸ் காலத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜாயினிங் தேதி கேட்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்வதும், பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவதும் அதற்குப் பிறகுதான்.

ரிசல்ட் வந்ததும், பிறகு லைசென்ஸ் வந்ததும், அன்றன்றே பிரதியை இணைத்து அனுப்பி, "கடிதத்தின் இன்ன பத்தியிலுள்ள நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று உறுதிப்படுத்தவும்" என்று கேளுங்கள். "கிடைத்தது, நன்றி" என்று மட்டும் பதில் வந்தால் அது பிரதி கிடைத்ததற்கான ஒப்புதல்தான், நிபந்தனை தீர்ந்ததற்கு அல்ல. இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள். இதையெல்லாம் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்தே செய்யுங்கள். சேர்ந்த பிறகு நடக்கிற கடிதப் போக்குவரத்து என்றால் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். தகராறு வரும் நாளில் முதலில் மூடப்படுவது அலுவலக மின்னஞ்சல் கணக்குதான்.